சாவி முழுதாகத் திரும்பாத வாசல் கதவு

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த மறுநாள் காலை, ரேஷன் கடைக்குப் போகலாம் என்று வாசல் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். ஒரு சுற்றுகூட முடியவில்லை, டக்கென்று நின்றுவிட்டது. திறந்து வைத்துக்கொண்டு திருப்பினால் பூட்டின் நாக்கு அழகாக வெளியே வந்தது. சாத்தினால் மட்டும் நின்றது. நாக்கு, நிலையில் அதற்கென்று இருக்கும் குழிக்குள் போகவில்லை என்பது மட்டும் அப்போது புரிந்தது.

எங்கள் வீடு மண்டபத்துக்குப் பக்கத்தில், வேதாளையில் இருக்கிறது. கடலுக்கு நடக்கிற தூரம். வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் அத்தையும்தான். வெளியிலிருந்து பூட்ட முடியாத வாசல் கதவை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூன்று மாதம் சங்கிலியும் பூட்டும் போட்டுத்தான் வெளியே போய் வந்தேன். சரியாகச் செய்திருந்தால் அந்த மூன்று மாதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும், ஒரு கதவும் கெட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்கிக்கொண்டே சாவியைத் திருப்பினேன். கீல் தளர்ந்து கதவு தொங்கிப்போன வீடுகளில் இது வேலை செய்யும். எங்கள் வீட்டில் தூக்கத் தூக்க மோசமானது. இரண்டாவது நாள் சாவியின் கழுத்து லேசாக முறுக்கிக்கொண்டதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். நாக்கு எதிலோ முட்டி நிற்கும்போது சாவியால் பலம் கொடுத்தால் சாவி உடைந்து பூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு பூட்டையே கழற்ற வேண்டியதுதான்.

அப்புறம் ஒருவரைக் கூப்பிட்டு வந்தேன். வந்தவர் அரை மணி நேரத்தில் இரண்டு வேலை செய்தார். கதவின் மேல்விளிம்பு நிலையில் உரசுகிறது என்று அதை இழைப்புளியால் இழைத்தார். நிலையில் பதித்திருக்கும் தகட்டின் துளையை மேல்பக்கம் அரத்தால் ராவினார். இந்தத் தகட்டைக் கடையில் ஸ்ட்ரைக் பிளேட் என்று கேட்டால் கொடுப்பார்கள். நாக்கு நுழையும் ஓட்டை இருக்கிற தகடு அது. ராவி ராவித் திருகு ஆணி இருக்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டார். இரண்டுக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு ஓரம்தான் மிச்சம். சாத்திப் பார்த்தால் சாவி இன்னும் கொஞ்சம் திரும்பியது, மறுபடி நின்றது. தகட்டின் துளை மேலே பெரிதாகிவிட்டதே தவிர, அதற்குப் பின்னால் மரத்தில் இருக்கிற குழி பழைய இடத்திலேயே இருந்தது. நாக்கு தகட்டைத் தாண்டி மரத்தில் முட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் அந்த நூல் ஓரமும் பிய்ந்து, தகடு ஒரே ஆணியில் ஆடிக்கொண்டு நின்றது.

சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வயதான ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். வந்தவர் பூட்டைத் தொடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு நாலு அடி பின்னால் போய் நின்று, கதவையும் நிலையையும் சுற்றியிருந்த இடைவெளியை மட்டும் பார்த்தார். பிறகு, "கதவு எறங்கல தாயி. நெலை எறங்கியிருக்கு" என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

கீல் தளர்ந்து கதவு தொங்கினால், பூட்டுப் பக்க மேல்மூலையில் கதவுக்கும் நிலையின் மேல்கட்டைக்கும் நடுவில் இடைவெளி கூடும். கீழே அதே பக்கத்து மூலை தரையில் உரசும். நாக்கு குழிக்குக் கீழே முட்டும். பூட்டுப் பக்க நிலைக்கால் இறங்கினால் எல்லாம் நேர்மாறாக இருக்கும். மேல்மூலை நெருக்கிக்கொண்டு உரசும், தரையில் உரசாது, நாக்கு குழிக்கு மேலே முட்டும். அதனால்தான் நான் கதவைத் தூக்கத் தூக்க நாக்கு குழியை விட்டு இன்னும் விலகிப் போயிருக்கிறது. முதலில் வந்தவர் மேல்விளிம்பை இழைத்தது எவ்வளவு தப்பு என்பதும் அப்போது விளங்கியது. உரசியதற்குக் காரணம் மேல்கட்டை சாய்ந்து வந்தது, அதோடு மழையில் மரம் ஊதியிருந்தது. கதவின் குற்றம் எதுவுமே இல்லை. இழைத்த இடத்தில் இப்போது கோடையில் விரல் நுழைகிற சந்து. பல்லி அதன் வழியாகத்தான் வருகிறது.

நாக்கு மேலே முட்டுகிறதா கீழே முட்டுகிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை, கதவு சாத்தியிருக்குமே. அதற்கு அவர் அத்தையிடம் கண்மை கேட்டு வாங்கினார். நாக்கின் முகத்தில் மையைத் தடவி, நாக்கை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, சாவியை முட்டும் வரை மெதுவாகத் திருப்பி, மறுபடி உள்ளே இழுத்துக் கதவைத் திறந்தார். ராவிக் கெடுத்த துளையின் வழியாகத் தெரிந்த மரத்தில் கறுப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது. அந்தக் கோட்டின் மேல் ஓரத்துக்கும் குழியின் பழைய மேல் ஓரத்துக்கும் ஸ்கேல் வைத்தார். 5 மில்லிமீட்டர். நிலைக்கால் அவ்வளவு இறங்கியிருந்தது.

அது மட்டும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பூட்டுப் பக்க இடைவெளியில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி அளந்தோம். கீழே 4 மில்லிமீட்டர், பூட்டு உயரத்தில் 7, உச்சியில் 10. வீடு கட்டியபோது எல்லா இடத்திலும் 3 தான் விட்டிருப்பார்கள் என்றார். அதாவது நிலைக்கால் இறங்கியதோடு கதவை விட்டு விலகிச் சாய்ந்தும் போயிருக்கிறது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் மேல்கட்டையும் நிலைக்காலும் சேருகிற மூட்டு வாய் திறந்து, உள்ளே பெயிண்ட் படாத வேப்பமரம் மஞ்சளாகத் தெரிந்தது. பெயிண்ட் படாத மரம் தெரிகிறதென்றால் அந்த விரிசல் புதிது. அதே மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு கீறல் மேலே ஏறியிருந்தது. ஒட்டடை அடிக்கும்போது நான் அதைப் பார்த்திருக்கிறேன், பூச்சு வெடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பூட்டின் நாக்கு ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர், இரண்டு சுற்றுக்கு 20 வெளியே வரும். இடைவெளி 3 ஆக இருந்தபோது ஒரு சுற்றிலேயே 7 மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். இடைவெளி 7 ஆகிவிட்டால் ஒரு சுற்றில் 3 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். பூட்டின மாதிரி சத்தம் கேட்கும், ஆனால் தோளால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மழைக்கு முன்னால் எத்தனை நாள் அப்படி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பூட்டியாகிவிட்டது என்று ராமநாதபுரம் வரைக்கும் போய் வந்திருக்கிறேன்.

சரி, தகட்டை மேலே ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். "இன்னும் எறங்கிக்கிட்டிருந்தா? இன்னைக்கு ஏத்துவோம், மாசம் பொறந்தா மறுபடி முட்டும்" என்றார். உள்ளங்கையால் நிலைக்காலை நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். அதிரவில்லை. நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்புகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்திருந்தால், குத்தும்போது நிலைக்கால் தனியாக அதிரும், சுவரிலிருந்து பொடி கொட்டும். அப்படியிருந்தால் தகட்டை நகர்த்துவதில் அர்த்தமே இல்லை, நிலையை முதலில் இறுக்க வேண்டும். எங்கள் நிலை சுவரோடு கெட்டியாகத்தான் இருந்தது. சுவர் இறங்கியது, நிலை அதோடு போனது.

சுவர் ஏன் இறங்கியது என்பதற்கு வெளியே போய்ப் பார்த்ததும் பதில் கிடைத்தது. மொட்டைமாடித் தண்ணீர் விழுகிற குழாய் வாசலுக்கு வலப்பக்க மூலையில், கதவின் பூட்டுப் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. கீழே முழங்கை வைத்துத் திருப்பிவிட்டிருந்தது எப்போதோ உடைந்துபோய், தண்ணீர் நேராக அஸ்திவாரத்தின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. எங்கள் பக்கம் முழுக்கக் கடற்கரை மணல். களிமண்ணைப் போல அது ஒட்டிக்கொண்டு நிற்காது, தண்ணீரோடு போய்விடும். வாடைக்காற்று மழையில் அந்த மூலையில் ஒரு குடம் உட்காருகிற அளவுக்குக் குழி விழுந்து, அஸ்திவாரக் கல்லின் ஓரம் வெளியே தெரிந்தது. வாசல் பக்கம் செருப்பு வைக்கிற பெட்டி மறைத்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

சுவர் இன்னும் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர் சொன்ன வழி எளிது. சாய்வாகப் போன கீறலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ரொட்டித்துண்டு அளவுக்கு, மெல்லிசாக அப்பி, அதன் மேல் பென்சிலால் தேதி எழுத வேண்டும். அது காய்ந்தால் துளிகூட வளையாது. சுவர் நகர்ந்தால் உடனே வெடித்துக் காட்டிவிடும். முதல் துண்டு பன்னிரண்டாம் நாள் ஒரு மழைக்குப் பிறகு தலைமுடி கனத்துக்கு வெடித்தது. அதற்குப் பிறகுதான் நான் கொத்தனாரை வைத்து வேலையைச் செய்தேன். குழாயை பிவிசி போட்டுப் பத்தடி தள்ளித் தென்னை மரத்தடிக்குத் திருப்பினோம். குழியில் மணலை ஒரே தடவையில் கொட்டாமல், ஒரு சாண் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமுசு போட்டு இடித்து, மறுபடி ஒரு சாண் கொட்டி இடித்து நிரப்பி, மேலே ஜல்லி பரப்பி, வெளிப்பக்கம் சரிவாக சிமெண்ட் பூசினோம். மார்கழி தொடக்கத்தில் இரண்டாவது துண்டு ஒட்டினேன். மாசி பிறக்கும்வரை வெடிக்கவில்லை. அதன் பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட்டேன்.

மாசிக்குத் தள்ளிப் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், சித்திரையில் சுருங்கும். ஊதியிருக்கும்போது அளந்து தகட்டை வைத்தால் கோடையில் இடைவெளி கூடிவிடும். நடுக்கோடையில் இழுத்துப் பிடித்து வைத்தால் மழையில் கதவே சாத்தாது. தை, மாசிதான் மழைக்கும் கோடைக்கும் நடு.

இனி தகட்டு வேலை. கெட்டுப்போன தகட்டை எறிந்துவிட்டு, அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ராமநாதபுரத்தில் வாங்கினேன். பழைய பூட்டோடு வந்தது முலாம் பூசிய இரும்பு. அதைக் கழற்றும்போது ஓர் ஆணியின் தலை திருப்புளியில் மாவு மாதிரி உதிர்ந்தது, ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருந்தது. கடலோரத்தில் ஆணியும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கட்டும். தகட்டை நல்லதாக வாங்கிவிட்டு ஆணியில் நாலு ரூபாய் மிச்சம் பிடிப்பதில் பலன் இல்லை.

தகட்டை 5 மில்லிமீட்டர் மேலே ஏற்ற வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். புது ஆணி ஓட்டை பழைய ஓட்டைக்கு 5 மில்லிமீட்டர் தள்ளி வரும். அவ்வளவு பக்கத்தில் ஆணியை முறுக்கினால் அது வழுக்கிப் பழைய ஓட்டைக்குள்ளேயே போய், தகட்டையும் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் முதல் நாள் சாயந்தரம் ஆசாரி வேப்பங்குச்சியைச் சீவி, மரப்பசை தடவி, பழைய ஓட்டைகளில் அடித்துவிட்டுப் போனார். இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் நீட்டிக்கொண்டிருந்ததை உளியால் மட்டமாகச் சீவினார். பசை காயாமல் துளை போட்டால் குச்சி சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அடுத்து குழி. தகட்டின் துளைக்குப் பின்னால் மரத்தில் இருக்கிற குழியை மேல்பக்கம் 5 மில்லிமீட்டர் உளியால் எடுத்தார். நாக்கு 20 வரைக்கும் நீளும், அதிலிருந்து இடைவெளியைக் கழித்தாலும் குழி 20 ஆழம் இருந்தால்தான் நுனி முட்டாமல் நிற்கும் என்று, ஆழத்தையும் குச்சி விட்டு அளந்தார். குச்சி பாதியில் நின்றது. கிளறிப் பார்த்தால் உள்ளே குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அதோடு மரத்தூளும் உப்புப் பிசுக்கும் சேர்ந்து அடியில் இறுகிப்போயிருந்தது. இரண்டாவது சுற்று ஒரு வருடமாகவே சுற்ற முடியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். நான் பூட்டு பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தகடு உட்காருகிற பள்ளத்தையும் மேலே நீட்ட வேண்டும். அவர் தகட்டைப் புது இடத்தில் வைத்துக் கத்திமுனையால் சுற்றிக் கோடு போட்டார். பென்சில் போதாதா என்று கேட்டதற்கு, கத்திக் கோடு மரநாரை அறுத்துவிடுவதால் உளி கோட்டைத் தாண்டிப் பிளக்காது என்றார். கொட்டாப்புளியால் அடிக்காமல், உள்ளங்கையால் உளியைத் தள்ளி மெல்லிய சீவலாக எடுத்தார். வேப்பமரம் சில இடத்தில் நார் திரும்பி இருக்கும், அடித்தால் சிம்பு பெயர்ந்துவிடுமாம். பழைய பள்ளத்தில் கீழே மிச்சமான 5 மில்லிமீட்டரில் ஒரு மரத்துண்டை ஒட்டி மூடினார்.

மேலே ஏற்றியதும் நாக்கு நேராக வந்துவிட்டது, ஆனால் 7 மில்லிமீட்டர் இடைவெளி அப்படியே இருந்தது. நிலைக்காலைத் திருப்பி உள்ளே தள்ள முடியாது, சுவரை உடைக்க வேண்டும். அதனால் தகட்டையே கதவுப் பக்கம் கொண்டுவந்தார். தகட்டுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் கனத்தில் தேக்குப் பட்டை ஒன்று வைத்தார். இடைவெளி 4 ஆனது. முழுசாக நிரப்பி 1 ஆக்கிவிடலாமே என்றேன். "மழைக்குக் கதவு ஊதும் தாயி, அதுக்கு எடம் விடணும்" என்றார். தகடு இப்போது நிலையின் மட்டத்திலிருந்து 3 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. போகிறவர் வருகிறவர் சேலையும் கையும் அதில் மாட்டாமல் இருக்க, தேக்குப் பட்டையைத் தகட்டைவிட மேலும் கீழும் இரண்டு விரற்கடை நீளமாக விட்டு, இரண்டு முனையையும் சரிவாகச் சீவினார். கையால் தடவினால் தகடு இருப்பதே தெரியவில்லை.

ஆணி பழசு 20 மில்லிமீட்டர் நீளம். பட்டையின் கனமும் சேர்ந்துவிட்டதால் 50 நீளம் போட்டோம். நிலைக்கால் மூன்று அங்குலக் கனம், அதனால் சுவரில் முட்டாது. 4 மில்லிமீட்டர் ஆணிக்கு 3 மில்லிமீட்டர் துளை முதலில் போட்டு, ஆணியின் மரையில் சோப்புத் தேய்த்து முறுக்கினார். துளை போடாமல் முறுக்கினால் நிலையின் ஓரத்தில் மரம் பிளந்துவிடும். ஆணியைக் கடைசிவரை இறுக்குவதற்கு முன்னால் மறுபடி கண்மை. இந்தத் தடவை தகட்டிலும் மரத்திலும் மையே இல்லை, சாவி இரண்டு சுற்றும் முழுசாகப் போனது. அதற்குப் பிறகுதான் இறுக்கினார். இரண்டு சுற்றில் இப்போது 16 மில்லிமீட்டர் உள்ளே போகிறது.

எப்போது இந்த வேலை போதாது என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். கண்மைக் கோடு 2 மில்லிமீட்டருக்குள் தவறியிருந்தால் துளையை அரத்தால் ராவினால் போதும், பின்னால் இருக்கிற மரத்தையும் அதே அளவு எடுக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் தகட்டை நகர்த்த வேண்டும். பூட்டு உயரத்தில் இடைவெளி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, மேல்கட்டை நிலைக்காலிலிருந்து கழன்று நின்றாலோ, தகட்டையும் பட்டையையும் நம்பக்கூடாது, நிலையை எடுத்து மறுபடி நிறுத்தத்தான் வேண்டும் என்பது அவர் கணக்கு.

எண்ணெய் போடட்டுமா என்று அத்தை தேங்காய் எண்ணெயோடு வந்தார்கள். வேண்டாம் என்று ஆசாரி தடுத்துவிட்டார். எங்கள் ஊர்க் காற்றில் மணல் பறந்துகொண்டே இருக்கும். எண்ணெய் அதைப் பிடித்துவைத்துப் பூட்டுக்குள் சேறு மாதிரி ஆக்கிவிடும். பென்சில் முனையைப் பொடியாக்கிச் சாவியில் தடவி நாலு தடவை திருப்பச் சொன்னார்.

ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. கார்த்திகையில் கதவு ஊதி, பூட்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றுதான் செருக முடிந்தது. ஆனாலும் உரசவில்லை, சாவி இரண்டு சுற்றும் போனது. சுவரில் இரண்டாவது துண்டு இன்னும் வெடிக்காமல் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவர் அதைச் சுரண்டப் போனார், விடவில்லை.